பழைய கல்வீட்டுச் சுவரில் ஈரம்: நிலத்திலிருந்து ஏறுகிறதா, காற்றிலிருந்து படிகிறதா?

நெடுங்கேணி_வளவு

எல்லோருக்கும் வணக்கம். அம்மப்பா 1962இல் கட்டிய வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது கூரை இல்லை, சுவர் மட்டும் நின்றது. ஓட்டுக்குப் பதிலாகத் தகரச் சீற் போட்டோம். சுவருக்குப் புதிதாகச் சீமெந்துப் பூச்சு பூசி எமல்சன் அடித்தோம்.

இப்போது மழையோடு இரண்டு இடத்தில் தொல்லை. முன்னறையின் தெருப்பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பெயின்ற் கொப்பளித்து உதிர்கிறது, அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. வடக்குப் படுக்கையறையில் அலுமாரிக்குப் பின்னாலும் கூரையோரத்து மூலையிலும் கறுப்புப் புள்ளிகள். அந்த அறை நிலம் சில நாட்களில் விடியற்காலையில் வழுக்கும்.

ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து ஊசி வைத்த மீற்றரால் குத்திப் பார்த்தார். இரண்டு அறையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு முழுக்கச் சுவரில் துளை போட்டு ஈரம் ஏறாமல் தடுக்கும் மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகைக்குச் சின்னதாக ஒரு குசினியே கட்டலாம். இது உண்மையிலேயே ஒரே பிரச்சினைதானா?

மாங்குளம்_பாஸ்

தங்கச்சி, அந்தக் காலத்து வீடுகளில் பாதிக்கு மேல், அத்திவாரத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டிபிசிப் படை இல்லை. இருந்தாலும் ஒரு பூச்சுத் தார்தான், அறுபது வருடத்தில் அது செத்துப் போயிருக்கும். அத்திவாரத்து ஈரம் ஏறத்தான் செய்யும். மருந்தெல்லாம் தேவையில்லை. பழைய பூச்சை நான்கு அடிக்கு வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றுக்கு மூன்று சீமெந்தும் மணலும், அதற்குள் தண்ணீர் புகாத மருந்தும் கலந்து பூசுங்கள். நான் இருபது வீட்டுக்கு மேல் செய்து கொடுத்திருக்கிறேன்.

குளிர்தேசத்துக்_கந்தன்

லண்டனில் எங்கள் வீட்டிலும் இதே கறுப்புப் புள்ளிதான். இங்கே எல்லாமே காற்றீரம். ஈரம் உறிஞ்சும் மெசின் ஒன்று வாங்கி வைத்தோம், ஒரு இரவில் வாளி நிறையத் தண்ணீர் வந்தது. அங்கேயும் ஒன்று வாங்கி முன்னறையில் போடுங்கள், உப்பெல்லாம் நின்றுவிடும்.

பழைய_மட்டம்

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். வன்னியில் நிறையப் பழைய கட்டடங்கள் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில்: ஒரே பிரச்சினை இல்லை. முன்னறைக்கும் படுக்கையறைக்கும் சுவர் ஒன்றாக இருக்கலாம், தண்ணீர் வரும் வழி வேறு. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முன்னறையில் உப்பு. நிலத்துத் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளை வழியே மேலே வரும்போது மண்ணில் கரைந்த உப்பையும் கொண்டு வரும். சுவர் முகத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அது ஏறும் உயரம் பொதுவாக மூன்று அடிக்கு உட்பட்டது, நான்கு ஐந்து அடி போவது அருமை. அதனால் அடியில் ஒரு பட்டையாக, மேல் விளிம்பில் உப்புக் கோடு போட்டபடி நிற்கும். காலையோ மாலையோ மாற்றம் தெரியாது.

படுக்கையறையில் பூஞ்சணம். காற்றிலிருந்து படிகிற தண்ணீரில் உப்பு இல்லை. பூஞ்சணம் விரும்புவது அந்தத் தண்ணீரைத்தான், உப்பு பூத்த சுவரில் அது லேசில் வளராது. கூரையோர மூலை, அலுமாரிக்குப் பின்புறம் என்று காற்று ஓடாத, குளிர்ந்த இடமாகப் பார்த்து வருகிறது. விடிய வழுக்கி, மதியம் காய்கிறது. இந்த நேரக் கணக்கு நிலத்து ஈரத்துக்குக் கிடையாது.

ஊசி மீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீரை அளப்பதில்லை, ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு லேசாகப் போகிறது என்பதைத்தான் அளக்கிறது. மரத்துக்கென்று செய்த கருவி. உப்பு ஏறிய பூச்சில், உள்ளே சுவர் காய்ந்திருந்தாலும் சிவப்பு காட்டும். மேலே பனி படிந்திருந்தாலும் சிவப்பு காட்டும். உங்கள் இரண்டு அறையிலும் எரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

கந்தன் தம்பிக்கு: மெசின் முன்னறைக் காற்றை உலர்த்தும், அதனால் சுவர் முகத்தில் ஆவியாவது கூடும், உப்பு இன்னும் வேகமாக வெளியே வரும்.

பரந்தன்_பிள்ளை

ஐயா, எங்கள் வீட்டில் இதே மாதிரி வந்தபோது நான்கு அடிக்கு ரைல்ஸ் ஒட்டிவிட்டோம். பார்வைக்கு நல்லாயிருக்கிறது. ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

மாங்குளம்_பாஸ்

ரைல்ஸ் ஒட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று மாரி போகட்டும், ரைல்சுக்கு மேலே ஐந்தாவது அடியில் உப்பு வரும். அப்போது என்னைக் கூப்பிடுவீர்கள்.

பழைய_மட்டம்

பாஸ் சொன்னது சரி. ஆனால் அவர் பூசச் சொன்ன தண்ணீர் புகாத சீமெந்துப் பூச்சும் அதே வேலையைத்தான் செய்யும். ஈரம் வெளியேறும் முகத்தை அடைத்தால், திறந்த முகம் கிடைக்கும் உயரம் வரை அது ஏறும்.

மாங்குளம்_பாஸ்

ஏறவில்லையே ஐயா. நான் பூசிய வீடுகள் நிற்கின்றன.

பழைய_மட்டம்

உள்முகத்தில் மட்டும் பூசி, வெளிமுகம் மூச்சு விடுகிற சுவராக இருந்தால் நிற்கும், ஈரம் வெளியே போய்விடும். பிள்ளையின் வீட்டில் இரண்டு முகமும் சீமெந்து.

சரி, நெடுங்கேணிப் பிள்ளை, சுவரை உடைக்க முதல் மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது, வெளியே போய் முற்றத்து மட்டத்துக்கும் உள் நிலத்து மட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு அறைச் சுவரிலும் ஒரு முழச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டுங்கள். இரண்டு இரவு விடுங்கள். அறைப்பக்கம் தாளில் வியர்த்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது. தாளைக் கழற்றும்போது சுவரோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. உதிர்கிற பூச்சில் ரேப் ஒட்டாது, அப்படியான இடத்தில் கிடைக்கும் விடையை நம்ப வேண்டாம், பக்கத்தில் உறுதியான இடத்தில் ஒட்டுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தெருப்பக்கச் சுவரோடு, வீட்டுக்கு நடுவே போகும் அறைச்சுவர் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். நடுச்சுவருக்கு மழையும் படாது, முற்றமும் இல்லை. அதன் கீழே இருப்பது அத்திவாரம் மட்டும். அதிலும் இதே உயரத்துக்கு ஈரம் இருந்தால் நிலத்திலிருந்து ஏறுவது உறுதி. வெளிச்சுவரில் மட்டும் இருந்தால், வெளியே ஏதோ நடக்கிறது.

ஈரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். 12 மில்லிமீற்றர் ட்றில் அலகால் கல்லிடைச் சாந்தில் மெதுவாகத் துளையுங்கள், வேகமாகத் துளைத்தால் சூட்டிலேயே தூள் காய்ந்துவிடும். பூச்சுத் தூளைக் கொட்டிவிட்டு, உள்ளே நான்கைந்து அங்குல ஆழம் வரை வருகிற தூளை மூடியுள்ள போத்தலில் பிடியுங்கள். போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு துளை. நகை நிறுக்கும் சின்னத் தராசில் 20 கிராம் நிறுத்து, கேக் சுடுகிற அவனில் 105 பாகையில் நிறை குறைவது நிற்கும் வரை வைத்து, திரும்ப நிறுங்கள். குறைந்த நிறையைக் காய்ந்த நிறையால் பிரித்து நூறால் பெருக்கினால் வீதம் வந்துவிடும்.

கள்ளப்பாட்டுக்_காற்று

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். சுனாமிக்குப் பிறகு கட்டியது, பழசு இல்லை, டிபிசியும் போட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் எல்லாச் சுவரும் ஆறடி உயரத்துக்குக் கூடக் கருத்து நனைகிறது. வெயில் அடித்தால் போய்விடும். பூஞ்சணம் இல்லை. இது இரண்டில் எது?

பழைய_மட்டம்

இரண்டும் இல்லாத மூன்றாவதாக இருக்கலாம். பூச்சுக்குக் கழுவாத கடல் மணலோ, கட்டும்போது உவர்க் கிணற்றுத் தண்ணீரோ பாவித்திருந்தால், பூச்சிலேயே உப்பு இருக்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த உப்பு அதை இழுத்து நனையும். இதற்கு டிபிசி எதுவும் செய்ய முடியாது.

சோதிக்க ஒரு வழி: சுவர்த் தூளைக் காயவைத்து நிறுத்த பிறகு, தட்டில் பரப்பி மழை நாளில் அறையில் திறந்து வையுங்கள். இரண்டு நாளில் நிறை நன்றாகத் திரும்ப ஏறினால் உப்புதான் காரணம். அப்படியானால் அந்தப் பூச்சை எடுக்காமல் வழி இல்லை.

கள்ளப்பாட்டுக்_காற்று

எல்லாச் சுவரிலுமா ஐயா?

பழைய_மட்டம்

முதலில் ஒரு சுவரில் சோதியுங்கள். நனைவது அழகுக்கேடுதான், சுவருக்கு அவசரம் இல்லை.

நெடுங்கேணி_வளவு

எல்லாம் செய்து பார்த்தோம். தம்பி நகைக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தான். ஒவ்வொரு இடத்திலும் 20 கிராம் எடுத்தோம்.

தெருப்பக்கச் சுவரில் நிலத்திலிருந்து அரை அடியில் காய்ந்த நிறை 17.5, அதாவது 14 வீதத்துக்குச் சற்று மேல். இரண்டடியில் 18.3, ஒன்பது வீதம். நான்கடியில் 19.5, இரண்டரை வீதம். நடுச்சுவரில் அரை அடியில் 19.0, ஐந்து வீதம். இரண்டடியில் 19.6, இரண்டு வீதம். படுக்கையறையில் அலுமாரிக்குப் பின்னால், பூஞ்சணம் பிடித்த இடத்திலேயே ஐந்தடி உயரத்தில் 19.7, ஒன்றரை வீதம்தான்!

தாள் சோதனையில் படுக்கையறையில் அறைப்பக்கம் வியர்த்திருந்தது, சுவர்ப்பக்கம் உலர். முன்னறையில் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தது.

முற்றத்து மட்டத்தைப் பார்த்துத்தான் திடுக்கிட்டோம். தெரு உயர்த்தியபோது நாங்களும் கிரவல் பரப்பினோம். இப்போது முற்றம் உள் நிலத்தைவிட இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. அந்தப் பக்கம் பீலியும் இல்லை.

பழைய_மட்டம்

இதைவிடத் தெளிவாக ஒரு வீடு பேசாது.

நடுச்சுவரைப் பாருங்கள். அடியில் ஐந்து வீதம், இரண்டடியில் ஒன்றுமில்லை. இந்த மழையிலும் அவ்வளவுதான். அத்திவாரத்திலிருந்து கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் ஒரு அடிக்கு மேல் போகவில்லை. அறுபது வருடம் இந்த வீடு அந்த அளவோடு வாழ்ந்திருக்கிறது. தெருப்பக்கத்தில் மட்டும் 14 வீதம் என்றால், பழைய டிபிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு மேலே கிரவல் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, சீற்றிலிருந்து கொட்டுகிற தண்ணீர் நிலத்தில் அடித்துத் தெறித்துச் சுவரை நனைக்கிறது. மருந்து ஏற்றினாலும், கிரவலுக்கும் சுவருக்கும் உள்ள தொடுகை அப்படியேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: தெருப்பக்கச் சுவரோரம் இரண்டடி அகலத்துக்குக் கிரவலை அள்ளி, உள் நிலத்தைவிட அரை அடி கீழே கொண்டு போங்கள். இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். வெட்டிய வாய்க்காலுக்கு ஓட்டம் இல்லாவிட்டால் அது சுவரோரக் குளமாகிவிடும், முன்னையைவிட மோசம். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிவு வைத்து மதகு வரை கொண்டு போங்கள். பீலி போட்டு அந்தத் தண்ணீரையும் அதே வழியில் விடுங்கள்.

மாசி பிறந்ததும் முன்னறைச் சுவரின் இரண்டு முகத்திலும், உப்புக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சீமெந்துப் பூச்சைத் தட்டி எடுங்கள். மெதுவாக உளியால், கல்லின் முகம் உடையாமல். பிறகு சுவரைச் சும்மா விடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரண்டு முகமும் திறந்து, சோளகமும் அடித்தால் ஒன்பது அங்குலத்துக்கு ஆவணி வரை போதும் என்பது என் மதிப்பு. இடையிடையே அதே இடத்தில் துளைத்து நிறுத்துப் பாருங்கள். வெளியே வருகிற உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்.

மாங்குளம்_பாஸ்

ஆறேழு மாதம் சுவரைத் திறந்து போட்டு யார் வீட்டில் இருப்பார்கள்? அப்புறம் சுண்ணாம்பில்தான் பூச வேண்டும் என்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த மேசன் இன்றைக்கு எங்கே? பொடியன்மாருக்கு நீறிய சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும் என்று தெரியாது. சீமெந்து மாதிரி ஒரு அங்குலம் அப்பி, இரண்டாம் நாள் வெயிலில் விட்டுவிடுவார்கள். முழுக்க வெடித்துக் கொட்டும்.

பழைய_மட்டம்

அது உண்மை. ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பும் கழுவிய ஆற்று மணலும், ஒரு தடவைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல், சாக்கு கட்டி ஈரமாக வைத்து, அது இறுகக் காத்திருந்து அடுத்தது. அவசரக்காரருக்கு அது சரிவராது. உள் முகத்தில் ஒரு சீமெந்து, ஒரு சுண்ணாம்பு, ஆறு மணல் என்று பூசலாம், ஓரளவு மூச்சு விடும். அதன்மேல் எமல்சன் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள்.

மாங்குளம்_பாஸ்

ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு நான் செய்வேன். ஆனால் தெருப்பக்க வெளிமுகத்துக்கும் அதையேதான் பூசுவேன் ஐயா. அங்கே வெறும் சுண்ணாம்பு வாடைக்காற்று மழைக்கு நிற்காது.

பழைய_மட்டம்

பீலி போட்ட பிறகு நிற்கும் என்பது என் எண்ணம். ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

நெடுங்கேணி_வளவு

படுக்கையறை பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே நாங்கள் நான்கு பேர் படுக்கிறோம். நுளம்புக்காக மேலே இருந்த காற்றுத்துளைகளைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டோம். மழைக்கு உடுப்பும் உள்ளேதான் காயும். பக்கத்தில் குசினி, காஸ் அடுப்பு.

குளிர்தேசத்துக்_கந்தன்

இது எங்கள் வீடேதான்!

பழைய_மட்டம்

இந்த அறைக்குத் தம்பியின் அனுபவம் பொருந்தும். நான்கு பேர் ஒரு இரவு மூச்சிலும் வியர்வையிலும் விடுகிற தண்ணீர் ஒரு லீற்றருக்கு மேல். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். ஈர உடுப்பு அதற்கு மேல். போக வழி இல்லாத இந்த ஆவி குளிர்ந்த இடம் தேடிப் படிகிறது. தகரச் சீற் தெளிந்த வானத்து இரவில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய மூலையும் அப்படித்தான். ஓட்டு வீட்டில் இடுக்கு வழியே காற்றுப் போனது. அந்த வழியும் நீங்கள் அடைத்த துளைகளோடு சேர்ந்து போய்விட்டது.

துளைகளைத் திறந்து நுளம்பு வலை அடியுங்கள். எதிரெதிர்ச் சுவரில் இருந்தால்தான் காற்று ஓடும். உடுப்பை விறாந்தைக்கு மாற்றுங்கள். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தை மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்த தூரிகை வேண்டாம், தூள் பறக்கும். வசதி வந்தால் சீற்றுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சுப் படுக்கை போடலாம். மெசின் தேவைப்படாது.

நிலம் வழுக்குவது கொஞ்சம் வேறு. பல நாள் குளிர்ந்து கிடந்த சீமெந்து நிலத்தின் மேல் திடீரென்று வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தால் வியர்க்கும். 26 பாகைக் காற்றில் ஈரப்பதன் 90 வீதம் என்றால், 24 பாகைக்குக் கீழே உள்ள எந்த முகத்திலும் தண்ணீர் படியும். அந்த நாட்களில் விடிய யன்னலைத் திறந்தால் இன்னும் கூடும். வெயில் ஏறிய பிறகு திறவுங்கள்.

பரந்தன்_பிள்ளை

காலையில் யன்னல் திறக்க வேண்டாம் என்று முதல் தடவை கேள்விப்படுகிறேன்.

பழைய_மட்டம்

எல்லா நாளும் இல்லை. நிலம் வியர்க்கிற நாட்களில் மட்டும். மற்ற நாள் திறவுங்கள்.

நெடுங்கேணி_வளவு

ஒப்பந்தகாரரிடம் எங்கள் அளவுகளைக் காட்டினேன். அவனில் காய வைத்ததெல்லாம் கணக்கில்லை, மருந்துக்குப் பத்து வருட உத்தரவாதம் தருகிறேன் என்றார். உத்தரவாதத் தாளில் என்ன பார்க்க வேண்டும்?

பழைய_மட்டம்

வெளி மட்டம் உள் நிலத்தைவிடக் கீழே இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இப்போதைய முற்றத்தோடு அந்த உத்தரவாதம் முதல் நாளே செல்லாது.

மருந்து முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஏறும் ஈரம் உறுதியான செங்கல் சுவரில், அடிவரிச் சாந்தில் 12 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை போட்டு ஒழுங்காக ஏற்றினால் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றிய பிறகும் உப்பேறிய பூச்சை எடுக்கத்தான் வேண்டும். நடுச்சுவரில் அந்த ஐந்து வீதம், முற்றம் இறங்கிய பிறகு அடுத்த மார்கழியிலும் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

மாங்குளம்_பாஸ்

நடுச்சுவருக்கு மருந்தைவிட நல்லது, இரண்டடி இரண்டடியாக அடிவரிக் கல்லை எடுத்துத் தார்த்தாள் செருகித் திரும்பக் கட்டுவது. ஒரு துண்டு இறுகும் வரை பக்கத்துத் துண்டைத் தொடக்கூடாது, சுவர் இறங்கிவிடும். முற்றத்து வேலைக்கு மதகு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள் தங்கச்சி. தெருவை உயர்த்தியிருக்கிறார்கள் என்றால், மதகு உங்கள் வாய்க்காலைவிட மேலே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நெடுங்கேணி_வளவு

கிழக்குப் பக்கம். வாய்க்காலை அரை அடி இறக்கினால் மதகு நான்கு அங்குலம் மேலே நிற்கிறது. பின்வளவுப் பக்கம் கிணற்றடியைத் தாண்டித் தாழ்வாகப் போகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் போகுமோ என்று அம்மா பயப்படுகிறா.

மாங்குளம்_பாஸ்

கிணற்றுக்கட்டு எத்தனை அடி உயரம்? சுற்றிச் சீமெந்துத் தளம் இருக்கிறதா? இருந்தால் அதற்கு வெளியால் சுற்றிக் கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, நீர்மட்டக் குழாயோடு வந்து பார்க்கிறேன்.